பிரேக் விட்டால் மிதி, ரயர் வெடித்தால் மிதியாதே

யாழ்ப்பாணத்தில் கார் அல்லது வான் ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, முதல் தடவையாக ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் போகும் புதிய சாரதிகளுக்காக இதை எழுதுகிறோம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் போய்விடும். அந்த வேகத்தில் பிரேக் விட்டாலும் ரயர் வெடித்தாலும் யோசிக்க நேரம் கிடைக்காது. கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடிப் போகும். பிரேக் விட்ட நேரத்தில் அது அனேகமாகச் சரி. ரயர் வெடித்த நேரத்தில் அதுவே வாகனத்தைக் கவிழ்க்கும். ஆகவே இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. சத்தம் கேட்டு வாகனம் ஒரு பக்கம் இழுத்தால் ரயர். பெடல் வழக்கம்போல் இல்லாவிட்டால் பிரேக்.

பெடல் என்ன சொல்கிறது?

பிரேக் விட்டுவிட்டது என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னாலும் கால் அதை ஒரே மாதிரி உணர்வதில்லை. பெடல் தரைக்குப் போகலாம், கல்லுப்போல் இறுகலாம், அல்லது வழமைபோல் நின்றும் வாகனம் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

பெடல் மெத்தென்று தரைவரை போனால், பிரேக் ஒயில் எங்கோ ஒழுகியிருக்கிறது, அல்லது குழாய்க்குள் காற்றோ ஆவியோ புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஒயிலைப் பின்னால் விடுகிறது. இதற்கு வேகவேகமாக மூன்று நான்கு முறை மிதித்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் தாங்கியிலுள்ள ஒயில் கொஞ்சம் முன்னால் தள்ளப்படும். மூன்றாவது, நான்காவது மிதியில் பெடல் சற்று மேலே நிற்பதுபோல் பட்டால் அதை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இன்றைய கார்களில் ஒயில் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் போகிறது. ஒரு பாதை ஒழுகினாலும் மற்றப் பாதையில் இரண்டு சில்லுகளாவது பிடிக்கும். அப்போது பெடல் மிகவும் கீழே போய்த்தான் பிடிக்கும், கூடுதல் பலம் வேண்டும், நிற்கும் தூரமும் நீளும். பெடல் கீழே போய்விட்டது, இனி வேலையில்லை என்று காலை எடுத்துவிடுபவர்கள் கையிலிருந்த பாதிப் பிரேக்கையும் இழக்கிறார்கள்.

பெடல் கல்லுப்போல் இறுகி அசைய மறுத்தால் நிலைமை நேரெதிர். ஒயில் சரியாக இருக்கிறது, உங்கள் காலுக்குத் துணைசெய்யும் பூஸ்ரர்தான் வேலை செய்யவில்லை. ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால், அல்லது பூஸ்ரருக்குப் போகும் குழாய் கழன்றால் இப்படி நடக்கும். இங்கே மிதித்து மிதித்து எடுக்கக் கூடாது. பூஸ்ரருக்குள் இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான துணை மட்டுமே மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல், தேவையென்றால் இரண்டு காலையும் வைத்து, ஒரே மூச்சாக அழுத்திக்கொண்டே இருங்கள். பிரேக் பிடிக்கும், பலம்தான் அதிகம் தேவை.

பெடல் உயரம் சரியாக இருந்தும் வாகனம் வேகம் குறையாவிட்டால், பிரேக் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. தட்டையான வடக்கில் இது அபூர்வம். ஆனால் வானில் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே வருபவர்களுக்கு இது நன்றாகவே நடக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய விதி அதற்காகத்தான்.

புதியவர்கள் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மழை ஈரத்திலோ மணல் படிந்த வீதியிலோ திடீரென மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடித்தால் அது சில்லுகள் இறுகிச் சறுக்காமல் பார்க்கும் ஏபிஎஸ் வேலை செய்வது. பிரேக் விடவில்லை. காலை எடுக்காமல் அழுத்தியபடி இருங்கள். பெடல் பாதியில் எதிலோ முட்டி நின்றால் காலடியில் பாருங்கள்: உருண்டு வந்த தண்ணீர்ப் போத்தலாகவோ மடிந்த கால்மிதியாகவோ இருக்கும்.

பளைக்கு அருகே, 70இல்

ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துப் பார்ப்போம். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் நோக்கி வரும் ஒரு மனுவல் கியர் வான். வேகம் 70, நான்காவது அல்லது ஐந்தாவது கியர், காய்ந்த வீதி. முன்னால் 250 மீற்றரில் ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. சாரதி மிதிக்கிறார், பெடல் தரைக்குப் போகிறது.

முதல் மூன்று செக்கனில் அவர் செய்ய வேண்டியது: அக்சிலேற்றரிலிருந்து காலை முழுதாக எடுத்து, பெடலை விடாமல் மிதித்தெடுத்தபடி, நான்கு சிக்னல் விளக்கையும் போட்டு ஹோர்னில் கையை வைப்பது. இதற்குள் ஏறத்தாழ 55 மீற்றர் போயிருக்கும். வேகம் 63 அளவுக்குத்தான் குறைந்திருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்கள். அது மிகப் பெரிய பிழை. பிரேக் இல்லாத நேரத்தில் வாகனத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது எஞ்சின் மட்டும்தான். நியூட்ரலில் அந்தப் பிடியும் போய்விடும். அக்சிலேற்றர் சிக்கி எஞ்சின் தன்பாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும்போது மட்டுமே நியூட்ரல் சரியான விடை.

அடுத்து கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மூன்றுக்குப் போட்டு கிளச்சை மெதுவாக விட்டால் எஞ்சின் உறுமும், வான் இழுபடும். பயப்பட வேண்டாம், அந்த உறுமல்தான் இப்போது உங்கள் பிரேக். வேகம் 50க்கு வர ஏறத்தாழ இன்னும் 60 மீற்றர். பிறகு இரண்டு. 30க்கு வர மேலும் 50 மீற்றர். அவசரத்தில் நான்கிலிருந்து நேரே ஒன்றுக்குப் போட்டால் பின்சில்லுகள் ஒரேயடியாக இறுகி வானின் பின்பக்கம் வெளியே வீசப்படும், எஞ்சினும் உடையலாம்.

ஓட்டோ கியர் என்றால் D இலிருந்து L, 2, S, B என்று உங்கள் வாகனத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதற்குத் தள்ளுங்கள். ஹைபிரிட் கார்களில் B என்ற எழுத்து இருப்பதே எஞ்சினால் இழுத்துப் பிடிப்பதற்குத்தான். ஓடும்போது நிறுத்திவைக்கும் P இலோ பின்னுக்குப் போகும் R இலோ போடக் கூடாது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தவும் கூடாது. எஞ்சின் நின்றால் ஸ்ரேரிங் இறுகும், திறப்பைக் கழற்றினால் ஸ்ரேரிங் பூட்டியே போகும்.

30க்கு வந்த பிறகு கைப்பிரேக். அது பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும் என்பதால் ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சறுக்கும். நுனியிலுள்ள பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தபடியே இழுக்க வேண்டும். அப்போது பல்லில் மாட்டாது. சறுக்குவதுபோல் பட்டால் உடனே கொஞ்சம் தளர்த்தி மறுபடி இழுக்கலாம். இந்த வேகத்தில் 15 முதல் 20 மீற்றருக்குள் வான் நிற்கும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 180 மீற்றர். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் இடம் இருக்கிறது. நல்ல பிரேக் இருந்திருந்தால் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 45 மீற்றர் அளவில் நின்றிருக்கும். இந்தத் தூரங்கள் வாகனம், சுமை, வீதி என்பவற்றோடு கூடிக் குறையும்.

பஸ் 120 மீற்றரில்தான் நிற்கிறது என்றால்? அப்போது கைப்பிரேக்கை 30 வரை காத்திருக்காமல் 60இலேயே தொடங்க வேண்டும். அதே பொத்தானை அழுத்தியபடி, இன்னும் மெதுவாக, ஸ்ரேரிங்கை நேரே பிடித்து. வளைவில் மட்டும் வேண்டாம். சில ஜப்பான் கார்களில் கைப்பிரேக்குக்குப் பதிலாக இடதுகாலால் மிதிக்கும் பிரேக் இருக்கும். அது மிதித்ததும் மாட்டிக்கொள்வதால் கூட்டிக் குறைப்பது கடினம். அதை எப்படி விடுவிப்பது என்று வீட்டு முற்றத்திலேயே பழகிவையுங்கள். பொத்தான் வகை மின் கைப்பிரேக் என்றால் தட்டிவிட்டு விடாமல், நிற்கும்வரை இழுத்துப் பிடித்தபடி இருக்க வேண்டும்.

எதிலாவது மோதத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும் வேகத்தை இறக்குவதை நிறுத்தாதீர்கள். 70இலிருந்து 40க்கு இறங்கினாலே மோதலின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பிறகு எதில் என்ற கேள்வி. மணல் ஓரமோ வரண்ட வயலோ பற்றையோ இருந்தால் அதற்குள் விடலாம். கதியால் வேலி வளைந்து கொடுக்கும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முற்றமும் பிள்ளைகளும் இருக்கலாம். பனை வளைந்து கொடுக்காது. மதகுக் கட்டும் அப்படித்தான்.

நின்றபின் பிரேக் கொஞ்சம் பிடிக்கிறதே, மெதுவாக கராஜ் வரை போவோம் என்று நினைக்காதீர்கள். போனற்றைத் திறந்து பிரேக் ஒயில் தாங்கியில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். சில்லுகளின் உட்பக்கம் ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒழுக்கு அங்கேதான். ஒயிலை ஊற்றினால் பெடல் மேலே வரும், அதை நம்பி ஓடினால் அதே ஒயில் அதே ஓட்டையால் போகும். ஏற்றி இழுத்துப் போக வாகனத்தை வரச்சொல்லுங்கள்.

ரயர் வெடிக்கும்போது

இங்கே கால் செய்ய வேண்டியது மிகக் குறைவு, அதனால்தான் கடினம். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம், பிறகு றிம் வீதியில் அடிபடும் தடதடப்பு. முன்ரயர் என்றால் ஸ்ரேரிங் வெடித்த பக்கத்துக்கு இழுக்கும். பின்ரயர் என்றால் ஸ்ரேரிங்கில் அவ்வளவு தெரியாது, இருக்கைக்குப் பின்னால் வாகனம் வாலாட்டும்.

நாம் வீதியின் இடப்பக்கமாக ஓடுபவர்கள். ஆகவே வலது முன்ரயர் வெடித்தால் வாகனம் எதிரே வருபவர்களின் பாதைக்குள் இழுபடும். இடது முன்ரயர் என்றால் வீதி ஓரத்துக்கு. ஆனையிறவில் அந்த ஓரத்துக்கு அப்பால் கடல்நீரேரி. இரண்டுமே நல்லதல்ல. அதனால் முதலில் வேகத்தைக் குறைப்பதல்ல, நேராகப் பிடிப்பதே வேலை.

இரண்டு கைகளையும் மணிக்கூட்டில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். அக்சிலேற்றரில் கால் எங்கே இருந்ததோ அங்கேயே ஒரு செக்கன் வைத்திருங்கள். வாகனம் இன்னும் வீசுவதுபோல் பட்டால் மிகச் சிறிதாக அழுத்தவும் செய்யலாம். கேட்க முட்டாள்தனமாகத் தெரியும். காரணம் இதுதான்: வெடித்த ரயர் தானே வாகனத்தை ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கிறது. அந்தச் சிறிய அழுத்தம் வாகனத்தை முன்னால் தள்ளி, பக்கவாட்டு இழுவையைச் சமன்செய்து, நேராகப் பிடிக்க உங்களுக்கு ஒரு கணம் தருகிறது.

நேராக வந்தபின் காலை மெல்ல மெல்ல எடுங்கள். வெடித்த ரயரின் இழுவையே வேகத்தைக் குறைத்துவிடும். 30க்குக் கீழே வந்த பிறகு பிரேக்கை லேசாகத் தொடலாம்.

முதலிலேயே பிரேக் மிதித்தால் என்ன நடக்கும்? பாரம் முழுதும் முன்னால் சாயும். வெடித்தது முன்ரயர் என்றால், அந்தப் பாரம் தொய்ந்த ரப்பரை றிம்மிலிருந்து பிடுங்கிவிடும். வெறும் இரும்பு தாரில் கீறத் தொடங்கினால் ஸ்ரேரிங் உங்கள் சொல் கேட்காது. வெடித்தது பின்ரயர் என்றால், பாரம் முன்னால் போனதில் பின்பக்கம் இலேசாகி, வாகனம் பம்பரம்போல் சுற்றும்.

அதைவிடவும் அதிகம் நடக்கும் பிழை கையில் இருக்கிறது. வாகனம் வலப்பக்கம் இழுத்ததும் பயத்தில் இடப்பக்கம் பலமாகத் திருப்பிவிடுவது. ரயர்களுக்குப் பிடி திரும்பும் கணத்தில் வாகனம் அந்தப் பக்கம் பாயும், பிறகு மறுபக்கம். வான் போன்ற உயரமான வாகனம் அநேகமாக அந்த இரண்டாவது பாய்ச்சலில்தான் கவிழ்கிறது. இழுக்கும் அளவுக்கு மட்டும் எதிர்த்துப் பிடித்தால் போதும். கண் தூரத்தில், நீங்கள் போக விரும்பும் இடத்தில் இருக்கட்டும்.

ஓரத்துக்கு எடுக்கவும் அவசரம் வேண்டாம். நம் வீதிகளில் தார் முடியும் இடத்தில் பல இடங்களில் ஒரு படி இறக்கமும் அதற்கப்பால் மணலும் இருக்கும். 50இல் றிம்மோடு அதில் இறங்கினால் இரும்பு மணலில் உழுது வாகனத்தைப் புரட்டும். 20க்குக் குறைந்த பின், சமதரையான இடம் பார்த்து இறக்குங்கள். அதுவரை றிம் கெட்டுப்போனால் போகட்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சிறு வேறுபாடு. வெடித்த சில்லின் பிரேக்கைத் தொடக்கூடாது. முன்ரயர் போனால் பின்பிரேக்கை மெதுவாக, பின்ரயர் போனால் முன்பிரேக்கை மெதுவாக, அதுவும் அக்சிலேற்றரை விட்டு வண்டி நேரான பிறகு.

நின்றபின் எல்லோரையும் இடப்பக்கக் கதவால் இறக்கி, வீதியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், வீதியை அடைத்துக்கொண்டு நின்றால் 119. சில்லு மாற்றும்போது ஜக்கை மணலில் நேராக வைத்தால் புதைந்து சாயும், கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். நட்டுகளை வாகனம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு பிறகு தூக்குங்கள். ஒல்லியான தற்காலிகச் சில்லு என்றால் 80க்கு மேல் ஓட வேண்டாம். அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், அனேகமாக யாரும் அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். சில புதிய கார்களில் மேலதிகச் சில்லே கிடையாது, ஒட்டும் திரவப் போத்தல்தான். அது ஆணி ஓட்டைக்கு உதவும், வெடித்த ரயருக்கு உதவாது.

ஏன் வெடித்தது?

"தம்பி, வெயில் காலம். காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடியுங்கோ, இல்லாட்டி வெடிச்சுப் போகும்." காற்றடிக்கும் இடங்களில் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் தலைகீழான பேச்சு. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து விரிகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுவதுபோல் அந்தச் சுவர் சுடுகிறது. உள்ளே ரப்பரும் நூலும் ஒன்றைவிட்டொன்று கழன்று, கடைசியில் கிழிகிறது. வேகமும் பாரமும் கூடக்கூட இது விரைவாக நடக்கும். வெடிப்பது ஏ9இல் என்றாலும், காரணம் பல நேரங்களில் ஒரு மாதத்துக்கு முன்பே பெற்றோல் செட்டில் உருவாகியிருக்கும்.

சரியான அளவு சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் வாகனங்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35. பாரம் ஏற்றும் வானுக்குப் பின்ரயர் அளவு தனியாகப் போட்டிருப்பார்கள். காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடானபின் நான்கைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டும். அது இயல்பு, அதைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை காற்றுக் குறைந்த ரயரோடுதான் புறப்படுவீர்கள்.

முற்றத்தில் ஒரு நிமிடம்

தூரப் பயணத்துக்கு முன் எஞ்சினைப் போடாமல் பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் இறுகும். அழுத்திய காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்ராட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்ரர் நல்லது. அப்படியே 15 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாக, நழுவுவதுபோல் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அன்றைக்குப் பயணம் வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 வகை புதிதாக 205 பாகைக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு 140 பாகையே போதும் என்றாகிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி நசிந்து கொடுப்பதால் பெடல் தரைக்கு. ஆகவே குறையாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடலோரம் ஓடும் வாகனம் என்றால் சேர்விஸில் தூக்கும்போது அடியிலுள்ள இரும்புப் பிரேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று அவற்றைத் தின்றிருக்கும்.

கடைசியாக ரயரின் வயது. பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் காணாவிட்டால் மறுபக்கச் சுவரில், வாகனத்தின் அடிப்பக்கமாகக் குனிந்து பாருங்கள். கட்டை ஆழமாக, புதிதுபோல் இருந்தாலும் பத்து வருடம் கடந்த ரயரை வேக வீதிக்குக் கொண்டுபோக வேண்டாம். பாவித்த ரயர் வாங்கும்போது, விலையைக் கேட்கும் முன் இந்த நான்கு இலக்கங்களை வாசியுங்கள்.